சின்ன எழுத்தில் இருந்தது

மன்னாரிலிருந்து அக்கா வந்திறங்கி இரண்டாம் நாள், காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, தன் கைப்பையிலிருந்து அந்தக் கலியாண அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பேர்களை நானே வாசிச்சிட்டன். கோயில், திகதி எல்லாம் விளங்கிச்சு. கீழ சின்ன எழுத்தில கிடக்கிறது என்னெண்டு சொல்லு. எங்கட பங்குச் சுவாமியிட்டையும் காட்டினனான். தனக்கு பிரெஞ்சு தெரியாதெண்டிட்டார்."

தடித்த, பால் நிறக் காகிதம். சின்னக்காவின் மகளான எங்கள் பெறாமகளுக்கும் லியோனிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு குடும்பத்தின் மகனுக்கும் கலியாணம். அட்டை முழுவதும் மாப்பிள்ளை வீட்டாரின் முறையில், பிரான்சில் அடிப்பது போல அடித்திருந்தார்கள். கெபெக் சனங்களேகூட இப்போது இப்படி அடிப்பதில்லை. நான் மொன்றியலில் புதிதாக வந்தவர்களுக்கு பிரெஞ்சு படிப்பிக்கிறவள். எழுத்தைக் கண்டதும் வகுப்புக் குரல் தானாக வந்துவிடும்.

"இது தெனு து செரெமொனி. என்ன உடுப்போட வரவேணும் எண்டு சொல்லுறது. 'தெனு து வில்' எண்டு போட்டிருந்தால் அலுவலகத்துக்குப் போற மாதிரி வந்தால் காணும். இது அதைவிட மேல. ஆம்பிளையள் நல்ல கறுப்பு, நீல சூட்டோட வருவினம். மாப்பிள்ளையின்ர ஆக்கள் வால் வைச்ச கோட்டும் போடுவினம். பொம்பிளையள் நீட்டுச் சட்டை, சிலபேர் தொப்பி."

"சீலை கட்டலாம் தானே?"

"சீலை நல்லாக் கட்டலாம். வெள்ளை மட்டும் கூடாது."

அக்கா எழுந்து அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பட்டுச் சீலை. சந்தன வெள்ளை, மெல்லிய பொன்கரை. கொழும்புக்கு விசா அலுவலுக்குப் போனபோது இதற்காகவே வாங்கியதாம்.

"இது வெள்ளையோ?"

நான் யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளைதான்.

"அப்பிடி எண்டு இதில எழுதியிருக்கோ?" அக்கா அட்டையைக் காட்டினார்.

"எழுத மாட்டினம் அக்கா. எல்லாருக்கும் தெரியும் எண்டு விட்டிடுவினம். வெள்ளை பொம்பிளைக்கு மட்டும்."

"தெரியாதவை?"

அன்றைக்குப் பின்னேரமே பார்க் எக்ஸ்டென்ஷன் கடையொன்றில் கடும் நீலத்தில் ஒரு சீலை எடுத்தோம். அக்கா அதைத் தொட்டுப் பார்த்து "நல்லாயிருக்கு" என்றார். நல்லாயிருக்கு என்று சொல்வதற்காகச் சொன்னது.

எங்களில் மூன்று பேர். அக்கா மூத்தவர், மன்னார் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டவில்லை. நடுவில் சின்னக்கா. கடைசி நான். சின்னக்காவும் அத்தானும் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது பன்னிரண்டு வயதான என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களின் பிள்ளைக்கு அப்போது ஒரு வயது. பயணம் தாங்காது என்று அக்காவிடம் விட்டார்கள். கூப்பிட்டு எடுக்க ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் பிள்ளை அக்காவை அம்மா என்றுதான் கூப்பிட்டது. சண்டைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு மடு மாதா கோயிலுக்கு ஓடியதும், காய்ச்சலில் இராப்பகலாக மடியில் வைத்திருந்ததும் அக்காதான்.

ஏழு வயதில் விமானத்தால் இறங்கிய பிள்ளை சின்னக்காவைக் கண்டு என் பின்னால் ஒளிந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "இவாவை அம்மா எண்டு கூப்பிடு" என்று அத்தான் சொன்னார். "அம்மா மன்னாரில" என்றது பிள்ளை. ஒரு வருடத்துக்கு மேலாகச் சின்னக்காவின் கையால் சாப்பிடவில்லை. நான்தான் ஊட்டுவேன். சின்னக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சீலையோடு வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா அட்டையின் அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"இது ரெபோன்ஸ் சுவெத்தே. பதிலை விரும்புறம் எண்டு அர்த்தம். விரும்புறம் எண்டு மரியாதைக்குத்தான் சொல்லுறது. உண்மையில, இந்தத் திகதிக்கு முதல் வாறியளோ இல்லையோ எண்டு கட்டாயம் சொல்லிப்போடுங்கோ எண்டுதான். சாப்பாடு, கதிரை எல்லாம் அதைப் பாத்துத்தான் போடுவினம்."

"எந்தத் திகதி?"

நான் சொன்னேன். அது போய் மூன்று கிழமை.

அக்காவின் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள்கூடப் பிந்திப் போகாத மனிசி. "ஐயோ, நான் பதில் போடேல்லையே. இரண்டு மாசமாக் கையில வைச்சிருந்தும் பதில் போடேல்லையே. அவள் என்ன நினைச்சிருப்பாள்?"

"சொந்த அக்கா. விசாவுக்குக் கடிதம் தந்தவவே அவாதானே. வாறியள் எண்டு தெரியாதே?"

"இல்லை. கேட்டிருக்கினம். கேட்டால் பதில் சொல்ல வேணும். கோல் போடு."

லொங்குய்யில் சின்னக்காவின் வீட்டுக்கு எடுத்தேன். வீடு நிறையப் பிரான்சிலிருந்து வந்த விருந்தாளிகள். அதனால்தான் அக்கா என்னோடு தங்கியிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

அக்கா மன்னிப்புக் கேட்டார். அட்டையில் கேட்டிருந்த பதிலைப் போடாமல் விட்டுவிட்டேன், பாஷை விளங்கவில்லை, இப்போதுதான் தங்கச்சி சொன்னாள், குறை நினைக்காதே என்று ஒரே மூச்சில் சொன்னார்.

மறுமுனையில் சின்னக்கா சிரித்தார். "அக்கா, உங்களிட்டப் பதில் ஒண்டும் எதிர்பார்க்கேல்ல."

அக்கா அதை அன்பாக எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி பக்கத்தில நிக்கிறாளோ?" சின்னக்கா தொடர்ந்தார். "அவளைக் காட் முழுக்க ஒழுங்கா விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. வேன் தொனேர் எண்டால் என்னெண்டும் சொல்லச் சொல்லுங்கோ. அவளுக்கு நல்லாத் தெரியும்."

போன் வைக்கப்பட்டது. அக்கா இன்னும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையை எடுத்து உறைக்குள் பார்த்தேன். வேறொன்றும் இல்லை. கவிழ்த்துத் தட்டினேன். இல்லை.

"கோயிலால வந்த பிறகு கோயில் மண்டபத்தில ஒரு கிளாஸ் வைன், கொறிக்கிறதுக்கு ஏதும் குடுப்பினம். அதைத்தான் வேன் தொனேர் எண்டுறது" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப சாப்பாடு?"

"அது பேந்து."

எனக்கு வந்த உறையில் இரண்டு அட்டைகள் இருந்தன. பெரியது பூசைக்கும் வேன் தொனேருக்கும். சின்னது இரவு விருந்துக்கு. பிரான்சு முறை அதுதான். ஊரையெல்லாம் பூசைக்கும் ஒரு கிளாஸ் வைனுக்கும் அழைப்பார்கள். இருந்து சாப்பிட வேண்டியவர்களுக்குத் தனியாகச் சின்ன அட்டை வைப்பார்கள். அந்த அட்டை இல்லாதவர்கள் கிளாஸை வைத்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போய்விட வேண்டும். வாயால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உறையைத் திறந்ததும் ஆளுக்கு ஆள் தன் இடத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

அச்சடித்தவர்கள் மறந்திருக்கலாம் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு மறுநாள் மெட்ரோ பிடித்து லொங்குய் போனேன். சின்னக்கா கராஜில் பூச்சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்காவின்ர உறைக்குள்ள விருந்து அட்டை வைக்க மறந்திட்டியள்."

"மறக்கேல்ல."

அவர் துணியை வைக்கவே இல்லை. துடைத்துக்கொண்டே கதைத்தார்.

"விருந்தில பத்து மேசை. என்ர மேசையில மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன், நான், சுவாமி. அக்காவை எங்க இருத்துறது? இருத்தினால் வாய் சும்மா இருக்குமே? ஒருத்தர் கேக்க முதல், நான்தான் வளத்தனான், என்னைத்தான் அம்மா எண்டவள் எண்டு தொடங்குவா."

"உண்மைதானே."

"ஓம், உண்மைதான். அதுதான் சொல்லுறன்." சின்னக்கா நிமிர்ந்தார். "அந்தப் பிள்ளை என்னை முதன்முதலா அம்மா எண்டு கூப்பிட்டது எப்ப தெரியுமோ? தகப்பன் செத்த வீட்டில. பதினொரு வயசில. பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு கூப்பிட்டுது. அதுவரைக்கும் 'இஞ்ச', 'கேளுங்கோ' எண்டுதான். அந்த நாலு வருசத்தை ஆர் எனக்குத் தருவினம்? அக்கா தருவாவோ?"

"அப்ப ஏன் கூப்பிட்டனீங்கள்? விசா எடுத்து, ரிக்கற் போட்டு?"

"கூப்பிடாட்டி கோயில்ச் சனம் கதைக்கும். வந்திட்டா. காணும். தாயின்ர இடத்தில ஆர் இருக்கிறது எண்டு பாத்திட்டுப் போகட்டும்."

"இதை நீங்களே அவவிட்ட சொல்லலாமே."

"எனக்கென்ன விசரே? அதுக்குத்தானே காட் இருக்கு. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு பாத்தனியோ? நீ பிரெஞ்சு ரீச்சர். விளங்கப்படுத்து."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லாமலே விட்டால் மண்டபத்தில் எல்லோரும் விருந்துக்குப் போகும்போது அக்காவும் கூடப் போவார். வாசலில் பேர்ப் பலகை இருக்கும். அதில் தன் பேரைத் தேடுவார். அதைவிட இப்போது சொல்வது நல்லது.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்த இரண்டு அட்டைகளையும் அவருடைய ஒன்றையும் மேசையில் வைத்தேன். வகுப்பில் செய்வது போல, வரி வரியாகச் சொன்னேன். வேறு குரலில் சொல்ல எனக்கு அன்றைக்கு முடியவில்லை. பெரிய அட்டையில் ஒரு வசனம் இருந்தது: பூசைக்கு வந்து கலந்துகொள்ளுங்கள், அல்லது செபத்தால் எங்களோடு ஒன்றித்திருங்கள். அதையும் சொன்னேன்.

"வர ஏலாத ஆக்களுக்குப் போடுறது அது" என்றேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் மன்னாரில இருந்தே செபிச்சிருக்கலாம்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது எண்டு நினைக்கிறன்" என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கலியாணத்தன்று அக்கா நீலச் சீலையில் வந்தார். கோயிலில் நான் எவ்வளவு இழுத்தும் முன் வாங்குக்கு வரவில்லை. பின்னால், தூணோரம் இருந்தார்; நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். பூசை பிரெஞ்சில் நடந்தாலும் எந்த இடத்தில் என்ன செபம் என்று அவருக்குத் தெரியும். உதடு தமிழில் அசைந்துகொண்டே இருந்தது. பெறாமகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவால் நடந்து வந்தபோது எங்கள் வாங்கைக் கடந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், சிரித்தாள், போனாள்.

மண்டபத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட நீட்டு மேசைகள், நுரைக்கிற வைன், நகத்தளவு பாண் துண்டுகளில் மீன். ஒருவரும் இருக்கவில்லை. இருக்கக் கதிரையும் இல்லை. அக்கா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றார்.

தொப்பி போட்ட ஒரு அம்மா எங்களை நோக்கி வந்தார். மாப்பிள்ளையின் தாய். நல்ல மனிசி, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. என்னிடம் அக்காவைக் காட்டி, இவர் யார் என்று பிரெஞ்சில் கேட்டார். மன்னாரிலிருந்து வந்தவர், மணமகளைச் சின்ன வயதில் வளர்த்தவர் என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "ஆ! நூனூ!" என்று அக்காவின் கையைப் பற்றினார். "எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள்! ஊரில் தன்னைப் பார்த்துக்கொண்ட நூனூ பற்றிச் சொல்லியிருக்கிறாள்! நூனூவை இவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறீர்களே, எவ்வளவு பெரிய மனது உங்கள் குடும்பத்துக்கு!"

நான் வாயைத் திறந்தேன். இவர் எங்கள் மூத்த சகோதரி என்ற வசனம் பிரெஞ்சில் எவ்வளவு லேசு. முதலாம் பாடத்திலேயே வரும். சொல்லத் தொடங்கியபோது சின்னக்கா வந்து நடுவில் நின்றுவிட்டார்.

"எந்த மேசையில் இருக்கிறார்? நான் வந்து கதைக்க வேண்டும்" என்று அந்த அம்மா கேட்டார்.

"இவர் களைத்துப்போயிருக்கிறார். வீட்டுக்குப் போகிறார்" என்றார் சின்னக்கா, அழகான பிரெஞ்சில். அப்படியே அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன சொன்னவ?" என்றார் அக்கா.

"நீங்கள்தானோ பிள்ளையை வளத்தது எண்டு கேட்டவ."

"நீ ஓம் எண்டனியோ?"

"ஓம் எண்டனான்."

அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. கிளாஸிலிருந்து முதற்தடவையாக ஒரு வாய் குடித்தார்.

பெறாமகள் அப்புறம்தான் வந்தாள். குனிந்து அக்காவின் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்தாள். "மெர்சி, வந்ததுக்கு" என்றாள். எல்லோருக்கும் சொன்ன அதே குரல். அக்கா அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டு, முகத்தைப் பிடித்து, "அம்மாவை மறந்திட்டியோ?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே அக்காவின் கையை முகத்திலிருந்து எடுத்தாள். பவுடர் பூசியிருந்த இடம்.

நான் அவளை ஒரு பக்கம் இழுத்தேன். "பெரியம்மாவுக்கு விருந்து இல்லை எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் சித்தி." பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள். "எழுதித்தானே அனுப்பினோம். அவர் பிழையாக விளங்கிக்கொண்டாரா?"

"நூனூ எண்டு சொன்னது ஆர்? நீயோ, அம்மாவோ?"

அவள் சுற்றிப் பார்த்தாள். "எனக்கு இரண்டு அம்மா என்று அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? யாராவது ஒருவர் வேறு ஏதாவதாக இருக்கத்தானே வேண்டும்" என்று சொல்லிவிட்டு, படம் பிடிக்கிறவன் கூப்பிட்ட பக்கம் போய்விட்டாள்.

விருந்துக்கு நான் போகவில்லை. அக்கா போகச் சொன்னார், "உனக்குக் காட் வந்ததுதானே" என்று தள்ளினார். நான் டாக்ஸி பிடித்தேன். கார் டவுன்டவுனைத் தாண்டும்போது அக்கா கேட்டார்.

"நூனூ எண்டால் என்ன?"

அந்த வார்த்தையை அவர் பிடித்துவைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. ஆனால் இரண்டு கிழமையாக அவருக்கு ஒவ்வொரு சொல்லையும் சரியாக விளங்கப்படுத்தியிருந்தேன்.

"ஆயா" என்றேன்.

அக்கா வெளியே பார்த்தார். "ஆயா எண்டால் சம்பளம் வரும்" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு சின்னக்கா வந்தார். தலை வாரவில்லை. விருந்துக் கேக்கை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

விருந்தில் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பிப் பேசினாராம். பிள்ளைகள் புரட்டாதியில் லியோனுக்குப் போய்க் குடியிருக்கப் போகிறார்கள், வீடும் பார்த்தாயிற்று, எங்கள் மருமகளை எங்கள் ஊர் வரவேற்கிறது என்று கிளாஸை உயர்த்தினாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். சின்னக்காவும் கை தட்டினாராம், ஏனென்றால் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள்.

"எனக்கு முதல் சொல்லேல்ல. பத்து மேசைச் சனத்தோட சேத்துத்தான் எனக்கும் சொன்னவை. ஏனடி எண்டு கேக்க, சொன்னால் நீங்கள் அழுவியள், கலியாணம் பழுதாப்போகும் எண்டுறாள்." சின்னக்கா அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, வீட்டில நான் தனிய. அவர் போய் எத்தினை வருசம். இவளும் போனால் நான் என்ன செய்யிறது?"

அக்கா அவருக்கு எதிரே இருந்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட முதல் கதைக்கிற குரல்.

"ஏழு வயசில என்னட்ட இருந்து போகேக்க அவள் என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்ல. விரலை ஒவ்வொண்டா நான்தான் கழட்டி விட்டனான். உன்னட்ட இருந்து போகேக்க அப்பிடி ஒரு கரைச்சலும் இல்லை. சிரிச்சுக்கொண்டெல்லே போறாள்."

"அக்கா!"

"உன்னட்ட இருபத்துநாலு வருசம் இருந்தவள். காணும். கேக்கை வைச்சிட்டுப் போ."

சின்னக்கா என்னைப் பார்த்தார். நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருப்பார். நான் அவருடைய தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன். அவர் கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். இரண்டாம் மாடியிலிருந்து அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவது கேட்டது.

"கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா" என்றேன் பிறகு.

"ஏன், நான் பொய்யே சொன்னனான்?"

பத்து நாளில் அக்கா திரும்பிப் போனார். சின்னக்கா விமான நிலையத்துக்கு வரவில்லை. அக்கா எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. சந்தன வெள்ளைச் சீலையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று அவருடைய பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஊரில் அதை ஏதோ கோயில் திருநாளுக்குக் கட்டியதாகப் படம் அனுப்பினார். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

பெறாமகள் சொன்னபடி லியோனுக்குப் போய்விட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லொங்குய் போகிறேன். ஒரு பெட்டியில் சோறும் கறியும் கொண்டுபோவேன். சின்னக்கா தனக்கென்று சமைப்பதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது ரிவியைப் போட்டு வைத்திருப்பார். பாதிச் சாப்பாட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தது போலக் கேட்பார்.

"அக்கா கோல் எடுத்தவவோ?"

"புதன்கிழமை எடுத்தவ."

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?"

அக்கா மழையைப் பற்றிச் சொல்லுவார், பக்கத்து வீட்டு வழக்கைப் பற்றிச் சொல்லுவார், என் முழங்கால் நோவுக்கு மருந்து சொல்லுவார். சின்னக்காவின் பேரை எடுப்பதில்லை. நானாக எடுத்தாலும் கதையை மாற்றிவிடுவார்.

"இல்லை" என்கிறேன்.

சின்னக்கா தலையாட்டிவிட்டு ரிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.